கரைவலைப் பத்தி ஒன்றும் இரண்டு வருடப் பழக்கமும்

2023 கடைசியில் ஒரு பயணத் தளத்துக்குத் திருகோணமலை பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை பற்றிய கட்டுரை திரும்பி வந்தது. 'சோதனை மென்பொருள் இதை இயந்திரம் எழுதியது என்று காட்டுகிறது, வாக்கிய நீளத்தை மாற்றி, சில விவரங்கள் சேர்த்து அனுப்புங்கள்' என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட இயந்திரம் எழுதவில்லை. கோபம் வந்தது. ஆனால் கோபம் ஆறியபின் அந்தக் குறிப்பையே ஒரு பழக்கமாக எடுத்து இன்றுவரை செய்துவருகிறேன். அதில் எனக்கு எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

'கரைவலை மீன்பிடி திருகோணமலையின் பாரம்பரியத் தொழிலாகும். மீனவர்கள் அதிகாலையில் கடற்கரையில் ஒன்று கூடுகிறார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் சேர்ந்து வலையை இழுக்கிறார்கள். அவர்கள் அம்பாப் பாடல்களை உற்சாகமாகப் பாடுகிறார்கள். இது காண்போர் மனத்தை மிகவும் கவர்கிறது.'

ஐந்து வாக்கியம். எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தே சொல். நடுவில் உள்ள மூன்றும் 'கிறார்கள்' என்றே முடிகின்றன. எழுதும்போது இது எனக்குத் தெரியவே இல்லை. பள்ளிக்கூடக் கட்டுரையில் பழகிய கை அப்படித்தான் போகும்.

சோதனை மென்பொருள் என்ன பார்க்கிறது என்று தேடிப் படித்தேன். இப்படியான பல கருவிகள் சொற்களை ஊகிக்கப் பழகிய ஒரு மொழி மாதிரியை வைத்து, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. அந்த ஊகம் வாக்கியத்துக்கு வாக்கியம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சில கருவிகள் சேர்த்துக்கொள்கின்றன. 'வாக்கிய நீளத்தை மாற்று' என்ற அறிவுரை இதிலிருந்துதான் வந்தது. நீளம் அந்த ஏற்ற இறக்கத்தின் வெளித்தோற்றம் மட்டுமே. பொதுவான சொற்களால் எளிமையாக எழுதுகிறவருடைய எழுத்து பெரும்பாலும் ஊகிக்க எளிதாகவே இருக்கும். 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை இயந்திர எழுத்து என்று தவறாகக் குறிக்கப்பட்டன. ஓப்பன்ஏஐ நிறுவனம் அதே ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட தன் கருவியை, துல்லியம் போதாது என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. அந்தக் கருவியை ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் பத்தி ஒன்றுக்கு இப்படியான ஒரு கருவி தரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்குக் காசு வேண்டும், கட்டுரை போக வேண்டும். ஆகவே சொன்னபடியே செய்தேன். இரண்டாவது பத்தி இது.

'கரைவலை. ஆம், கரைவலைதான்! அதிகாலை 4.47 மணிக்கு, நீலச் சாரம் கட்டிய 23 மீனவர்கள், உப்புக்காற்று முகத்தில் அறைய, ஒரே மூச்சில் வலையைக் கடலுக்குள் வீசிவிட்டு இழுக்கத் தொடங்குகிறார்கள். என்ன ஓர் உற்சாகம்!'

கருவி இதை மனித எழுத்து என்றது. கட்டுரை வெளியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பெரியப்பா அதை போனில் வாசித்தார். சல்லி என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் பல வருடம் கரைவலை இழுத்தவர் அவர்.

"தம்பி, நீ அண்டைக்கு எங்க நிண்டனி?" என்று கேட்டார்.

நான் பேசாமல் இருந்தேன்.

"வீசுறது வீச்சுவலை. கரைவலையை வளைக்கிறது. அதுவும் தெரியாமல் மணிக்கணக்கு மட்டும் நிமிசத்தோட எழுதியிருக்கிறாய்."

அவர் சொன்னது சரி. 4.47, 23, நீலச் சாரம், மூன்றையும் நான் மேசையில் இருந்தபடி கற்பனை செய்து போட்டேன். கருவிக்கு அது போதும். வலை தெரிந்தவருக்கு ஒரே வரியில் பிடிபட்டது. அதைவிட, வலை தெரியாத வாசகருக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் அமைதியான பிறகு, பெரியப்பாவோடு சல்லிக் கரைக்குப் போனேன். அன்று ஒன்றும் எழுதவில்லை, கொப்பியில் குறிப்பு மட்டும். கட்டுரையில் முன்னிருந்த பத்தியை எடுத்துவிட்டு இதை மாற்றிப் போடச் சொல்லி அனுப்பினேன்.

'வலை வளைத்த வள்ளம் கரைக்குத் திரும்பி வெகு நேரமாகியும் கடலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கயிறு மட்டும். ஒன்றைப் பிடித்தவர்களுக்கும் மற்றதைப் பிடித்தவர்களுக்கும் இடையில் முதலில் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு மணல் கிடந்தது. குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்து, கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி மறுபடி முன்னால் பிடித்து, இப்படியே இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வந்தன. அம்பா நின்றது. கீரி மீனுக்கு என்று வளைத்த வலை. வலையின் மடியைப் பிரித்தபோது பாதிக்கு மேல் காரல்.'

இதில் நீளத்தை நான் எண்ணிப் போடவில்லை. இழுப்பு நீண்டது, அதனால் அந்த வாக்கியம் நீண்டது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப முன்னால் வந்து பிடிப்பதைக் காட்ட ஊன்றி, நடந்து, இறங்கி, பிடித்து என்று வினையெச்சங்கள் வரிசையாக வந்தன. தமிழில் இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஒரு முற்றுவினை வரும்வரை எத்தனை செயலையும் கோத்துக்கொண்டு போகலாம், வாசகர் மூச்சைப் பிடித்தபடி கூடவே வருவார். அம்பா நின்றதும் கரையில் ஒரு கணம் வெறுமை. அதற்கு இரண்டு சொல் போதும்.

இந்த இரண்டு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது, தமிழில் ஓசை சலிப்பதற்கு நீளத்தைவிட முடிவுதான் பெரிய காரணம் என்பது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆகவே நீளத்தை எப்படி மாற்றினாலும், கடைசியில் 'கிறார்கள், கிறார்கள், கிறார்கள்' என்று ஒரே மணி அடித்துக்கொண்டிருக்கும். மூன்று சொல் வாக்கியமும் பதினைந்து சொல் வாக்கியமும் மாறி மாறி வந்தாலும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். இதற்கு வழி நம் பேச்சிலேயே இருக்கிறது. பெயரில் முடிக்கலாம்: 'பாதிக்கு மேல் காரல்.' 'வளைத்த வலை.' எதிர்மறையில் முடிக்கலாம்: 'ஒன்றும் தெரியவில்லை.' பேசுகிறவருடைய வாயிலேயே விட்டுவிடலாம். 'மீனவர்கள்' என்ற எழுவாயை விட்டுக் கயிறு, மணல், மடி என்று பொருள்களை எழுவாயாக்கினாலே 'ஆர்கள்' பாதி குறைந்துவிடும்.

சோதிக்க நான் செய்வது இரண்டுதான். எழுதியதை மறுநாள் சத்தமாக வாசிப்பேன், அதுவும் அம்மா சமைக்கும்போது பக்கத்தில் நின்று. அவர் 'ம்' கொட்டுவது எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் கோடிட்டு, அந்தச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே வாசிப்பேன். ஒரே விகுதி மூன்று முறை தொடர்ந்து வந்தால் அந்த இடத்தில் நான் கவனமில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கே விவரமும் இருக்காது. காணாததை எழுதும்போதுதான் கை பழைய அச்சுக்குள் போய் விழுகிறது.

விவரத்துக்கும் எனக்கு ஓர் அளவு வந்துவிட்டது. காரல், கீரியைவிட மலிவான மீன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பத்தி கெட்டுவிடும், ஏனென்றால் அன்றைய உழைப்பு என்ன ஆனது என்பதை அதுதான் சொல்கிறது. நீலச் சாரத்தைப் பச்சையாக மாற்றினால் ஒன்றும் கெடாது. அப்படிப்பட்ட விவரத்தை, உண்மையாகக் கண்டிருந்தாலும், இப்போது வெட்டிவிடுகிறேன். அன்று சல்லியில் கொப்பியில் எழுதிய குறிப்பு நான்கு பக்கம். கட்டுரைக்குள் வந்தது ஏழு எட்டு வரி.

இந்தப் பழக்கத்திலும் குறை உண்டு. ஆறேழு மாதம் கழித்து என் பழைய கட்டுரைகளை ஒன்றாக எடுத்து, பத்திகளின் கடைசி வாக்கியங்களை மட்டும் வாசித்தேன். கோட்டைக்குள் மேயும் மான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோயில் மலை, எல்லாவற்றிலும் பத்தி இரண்டு சொல்லில் முடிந்தது. 'காற்று அடங்கியது.' 'மான்கள் போயின.' 'தண்ணீர் சுட்டது.' ஒன்றிலிருந்து தப்பி இன்னொன்றுக்குள் விழுந்திருந்தேன். அதிலிருந்து வெளியே வர மேலும் சில மாதங்கள் பிடித்தன. இன்னொன்று, எல்லா எழுத்துக்கும் இது வேண்டாம். அண்மையில் ஒரு சங்கத்துக்கு மூதூர்ப் பயண அறிவித்தல் எழுதிக்கொடுத்தேன். படகு எத்தனை மணி, எங்கே ஏறுவது, என்ன கொண்டுவருவது. அங்கே ஒரே அச்சில் வரும் வாக்கியங்கள்தான் ஆட்களுக்கு உதவி.

நேரமும் போகிறது. முன்பு அரை நாளில் முடித்த கட்டுரைக்கு இப்போது மூன்று நாள். காசு அதேதான்.

கருவிக்கு வருகிறேன். கரைவலையின் மூன்றாவது பத்தியையும் அதில் போட்டுப் பார்த்தேன். ஒரு முறை கலப்பு என்றது, அடுத்த கிழமை வேறொரு எண் காட்டியது. பத்தியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து, முதல் வரைவையும் சேர்த்து அனுப்புகிறேன். இதுவரை அனுப்பிய இரண்டு முறையும் அத்தோடு கேள்வி நின்றது.

இப்போது கிண்ணியா பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 2009இல் பாலம் திறப்பதற்கு முன் துறையைக் கடக்கப் பாதைதான். வெளியூர்க்காரர் பாதை என்றால் வீதி என்று நினைப்பார்கள், இங்கே அது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் மிதவை. 'மக்கள் நீண்ட நேரம் காத்திருந்தார்கள்' என்று எழுதியிருந்தேன். சத்தமாக வாசித்தபோது அம்மாவின் 'ம்' அந்த வரியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வாழ்ந்த மாமியிடம் போன் எடுத்து, எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"மணிக்கூடு ஆர் பார்த்தது?" என்றார் மாமி. "பஸ்ஸுக்குள்ள இருந்து கச்சான் தின்னுவம். பாதை வந்து ஏற வெளிக்கிடேக்க காலுக்குக் கீழ முழுக்கக் கோது."

அந்த வரியை அடித்துவிட்டு, அந்தக் கடலைக் கோதிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.