எஸ்-வீடியோ ஒயர்: வளைந்த ஊசியும் பவானி ஜமக்காளத்தின் ஓரமும்

கோபியில் பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையைப் பதினோரு வருஷமாகச் செய்து வருகிறேன். இந்தக் காலத்தில் டெக் இரண்டு மாறியது, கம்ப்யூட்டர் மூன்று மாறியது. அதிகமாகத் தூக்கிப் போட்டது, டெக்கிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் எஸ்-வீடியோ ஒயர்தான். ஏழோ எட்டோ இருக்கும். ஒன்றில்கூட ஒயர் கெடவில்லை. எல்லாமே நுனியிலுள்ள நாலு ஊசியில் ஒன்று மடங்கியோ முறிந்தோ போனவை.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா ஹை-8 கேசட் ஒன்றும், அதை எடுத்த கேமராவும் கொண்டு வந்திருந்தார். 1997-ல் நடந்த அவருடைய கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா எடுத்ததாம். கேமராவில் எஸ்-வீடியோ சாக்கெட் இருந்ததால் அதிலேயே மாட்டி ஓட்டினேன். படம் கூர்மையாக வந்தது, நாதஸ்வரமும் கேட்டது. ஆனால் நிறமே இல்லை.

"ஏனுங்க தம்பி, என்ற கல்யாணம் கருப்பு வெள்ளையிலயா நடந்துச்சு?" என்று அக்கா கேட்டார். சிரித்தாலும் முகத்தில் பயம் தெரிந்தது. டேப் போய்விட்டதோ என்ற பயம்.

டேப் போகவில்லை. அதே கேமராவில் மஞ்சள் பிளக்கை மாட்டி, கேப்சர் மென்பொருளில் S-Video என்றிருந்ததை Composite என்று மாற்றினேன். கூரைப்புடவை சிவப்பாக வந்து நின்றது. அப்படியென்றால் கோளாறு ஒயரில். எஸ்-வீடியோவில் வெளிச்சம் ஒரு ஊசியிலும் நிறம் இன்னொரு ஊசியிலும் போகும். மற்ற இரண்டும் அவற்றின் கிரவுண்டு. ஒலி இதில் போகாது, அதற்குச் சிவப்பு, வெள்ளை பிளக்குகள் தனியாக வேண்டும். நிற ஊசி தொடாவிட்டால் படம் கருப்பு வெள்ளை. வெளிச்ச ஊசி தொடாவிட்டால் திரையில் படமே நிற்காது, ஏனென்றால் படத்தை நிலைநிறுத்தும் சிங்க் துடிப்பும் அதில்தான் வருகிறது. கிரவுண்டு ஊசி ஒன்று போனால் பல கருவிகளில் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே இரண்டு கிரவுண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் முறிந்த ஊசியோடு மாசக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. நானே அதில் ஒருத்தன்.

பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ஊசி நடுவிலுள்ள பிளாஸ்டிக் கட்டைமேல் தலை சாய்த்துப் படுத்திருந்தது. படுக்க வைத்தவன் நான்தான். அன்று காலை மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவி மாட்டியிருந்தேன்.

ஊசி ஏன் வளைகிறது என்றால், இந்தப் பிளக்கின் அமைப்பே அப்படி. மஞ்சள் பிளக்கின் நடு ஊசி 3 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் போகும். எஸ்-வீடியோ ஊசி சுமார் 1 மில்லிமீட்டர். வட்டப் பிளக், ஆனால் ஒரே ஒரு திசையில்தான் நுழையும். வட்டமாக இருப்பதால் கை தானாகவே அழுத்திக்கொண்டே திருப்பப் பார்க்கும். தடுக்க வேண்டியது அந்தப் பிளாஸ்டிக் கட்டையும் தகட்டு வளையத்திலுள்ள பள்ளங்களும். நல்ல பிளக்கில் அவை முதலில் இடித்து நிறுத்திவிடும். மலிவான பிளக்கில் தகடு மெலிசு, கட்டை மழுங்கல். கொஞ்சம் கோணலாகவே உள்ளே போய்விடும். அப்புறம் முதலில் அடிபடுவது ஊசிதான்.

இன்னொரு வில்லன் கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் பழைய கீபோர்டு, மவுஸ் சாக்கெட். அதுவும் இதே அளவு வட்டம், ஆனால் ஆறு துளை. என் அக்கா மகன் ஒருநாள் "மாமா, இதுல எறங்க மாட்டேங்குது" என்று கூப்பிட்டபோது, பச்சை சாக்கெட்டில் எஸ்-வீடியோவை வைத்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரே தட்டில் இரண்டு ஊசி காலி. நானே ஈயம் வைத்துச் செய்த பிளக்குகளிலும் ஊசி சாய்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் வேறு: சால்டரிங் சூட்டில் ஊசியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடுகிறது.

நிமிர்த்துவதற்கு நான் பயன்படுத்துவது முனையைக் கழற்றிய காலி ரீஃபில். மை போகக் கழுவிக் காயவைத்து, அந்தக் குழாயை ஊசியின் அடிவரை ஏற்றி, மெதுவாக ஒரே தடவையில் தூக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் அடியில் முறிந்துவிடும். முதல் வளைவை ஊசி பெரும்பாலும் தாங்கும், இரண்டாவதைத் தாங்குவது அபூர்வம். அதனால் ஒருமுறை நிமிர்த்திய ஒயரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். முறிந்த துண்டு டெக்கின் சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டால் அதைவிடப் பெரிய தலைவலி. ஒருமுறை கரண்டைப் பிடுங்கிவிட்டு மெல்லிய இடுக்கியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு இந்த ஒயர் வேண்டுமா? அந்த அக்காவின் கேசட்டையே இரண்டு விதமாகவும் ஏற்றிப் பார்த்தேன். மணவறைக்கு முன்னால் பவானி ஜமக்காளம் விரித்திருந்தார்கள், சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக. மஞ்சள் பிளக்கில் வந்த படத்தில், சிவப்பும் பச்சையும் சந்திக்கும் கோட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் எறும்புச் சாரி மாதிரி ஊர்ந்தன. காம்போசிட்டில் நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸில் வெளிச்சத்தோடு கலந்து ஒரே கம்பியில் அனுப்புகிறார்கள். வாங்கும் கருவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது சுத்தமாகப் பிரியாததுதான் அந்த எறும்பு. எஸ்-வீடியோவில் கலப்பதே இல்லை, அதனால் கோடு கோடாகவே நின்றது. மாப்பிள்ளையின் பொடிக்கோடு போட்ட சட்டையில் மஞ்சள் பிளக்கில் மினுமினுத்த வானவில்லும் இதில் காணாமல் போனது.

ஆனால் எல்லா கேசட்டுக்கும் இந்த வித்தியாசம் வராது. ஹை-8, எஸ்-வி.எச்.எஸ். இரண்டிலும் நுணுக்கம் அதிகம், சுமார் 400 கோடு. சாதாரண வி.எச்.எஸ். கேசட்டில் 240 கோடுதான். அதில் நுணுக்கமே நிறத்தின் அலைவரிசையை எட்டாததால் வானவில் தொல்லை முதலிலேயே குறைவு. எஸ்-வீடியோவில் ஏற்றினால் எறும்பு மட்டும் குறையும், படம் கூர்மையாகிவிடாது. போதாததற்கு, சாதாரண வி.எச்.எஸ். டெக்குகளில் பெரும்பாலும் எஸ்-வீடியோ சாக்கெட்டே கிடையாது. இதற்காகத் தனியாக டெக் தேடி அலைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். படத்தின் விளிம்பு நெளிவது, சிவப்பு வலப்பக்கம் வழிவது எல்லாம் டேப்பிலேயே இருப்பவை. எந்த ஒயரும் அதைச் சரிசெய்யாது.

இப்போது என் டெக்கின் பின்பக்கத்தில் ஒரு குட்டி எஸ்-வீடியோ நீட்டிப்பு ஒயரை நிரந்தரமாக மாட்டி, அதன் மறுமுனையை மேசையின் முன்விளிம்பில் கட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி மாட்டிக் கழற்றுவது அங்கேதான், கண்ணெதிரே. பிளக்கின் மேல்பக்கத்திலும் சாக்கெட்டின் மேல்பக்கத்திலும் வெள்ளை நெயில் பாலீஷில் ஒவ்வொரு பொட்டு. இரண்டு பொட்டும் நேராக வரும்வரை அழுத்துவதில்லை, அழுத்த ஆரம்பித்த பிறகு திருப்புவதில்லை. கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து இழுக்கிறேன். இந்த ஏற்பாட்டுக்கு வந்து பத்து மாசமாகிறது, இதுவரை ஊசி எதுவும் சாயவில்லை. அக்கா மகன் கடைக்கு வரும் நாட்களில் மட்டும் கம்ப்யூட்டரின் பச்சை சாக்கெட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுகிறேன்.