அரையும் மூன்றில் ஒன்றும்: ஒரு விடைக்கு நான்கு விளக்கங்கள்

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். பயிற்சித்தாளில் 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று விடை எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த விடை ஒரே வரிதான்: 1/2 + 1/3 = 3/6 + 2/6 = 5/6. அதைக் காட்டினேன். தன் விடையை அடித்துவிட்டு 5/6 என்று எழுதிக்கொண்டாள். அடுத்த கணக்கு 1/4 + 1/5. அதற்கு 2/9 என்று எழுதினாள்.

அந்த ஒரு வரி விடையில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கணக்கில் எங்குமே இல்லாத 6 எங்கிருந்து வந்தது? 3/6 + 2/6 என்று வந்த பிறகு மேலே 3, 2 இரண்டையும் கூட்டுகிறோமே, கீழே உள்ள இரண்டு ஆறுகளையும் கூட்டி 12 என்று ஏன் எழுதுவதில்லை? பெரியவர்களுக்கு இவை கேள்விகளாகவே தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டும்தான் கணக்கே. ஆகவே வீட்டிலும் வகுப்பிலும் வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு விளக்கங்களை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கப்போகிறேன்.

அதற்கு முன், 2/5 ஏன் வந்தது என்று அவளிடமே கேட்டேன். "ஒரு தேர்வில் இரண்டு கேள்வியில் ஒன்று சரி, இன்னொன்றில் மூன்று கேள்வியில் ஒன்று சரி. மொத்தம் ஐந்தில் இரண்டு சரிதானே, சித்தி?" என்றாள். மதிப்பெண் கணக்காகப் பார்த்தால் அவள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அங்கே இரண்டு கேள்வித்தாளும் சேர்ந்து ஐந்து கேள்வியுள்ள ஒரு பெரிய தாளாகிவிடுகிறது. பின்னக் கூட்டலில் அப்படியில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் ஒரே அளவுள்ள முழுமையிலிருந்து எடுத்தவை. இதைச் சொல்லாமல் எந்த விளக்கத்தைத் தொடங்கினாலும், பிள்ளை தன் தாளிலும் நாம் நம் தாளிலும் நின்றுகொண்டு பேசுவதாகத்தான் முடியும்.

2/5 தவறு என்பதை அவளே காண்பதற்குப் பத்து ரூபாய் போதுமாக இருந்தது. பத்து ரூபாயில் அரை எவ்வளவு? ஐந்து. ஐந்தில் இரண்டு பங்கு எவ்வளவு? நான்கு. ஐந்து ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு நான்கு ரூபாய் ஆகுமா? சிரித்துவிட்டாள். இனி விளக்கத்துக்கு வரலாம்.

முதலாவது, விதியைச் சொல்வது. பகுதிகள் வேறாக இருந்தால் மீ.சி.ம. கண்டுபிடி, அதைப் பொதுப் பகுதியாக்கு, பிறகு தொகுதிகளைக் கூட்டு. இதையே குறுக்கிப் பெருக்கும் குறுக்குவழியாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஒன்றை மூன்றால், ஒன்றை இரண்டால் பெருக்கி மேலே கூட்டு; கீழே இரண்டையும் பெருக்கு. விடை சட்டென்று வந்துவிடும். ஆனால் நம் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இதில் பதிலில்லை. 6 வந்தது பெருக்கியதால். ஏன் பெருக்கினோம் என்றால், அதுதான் விதி. இதன் கெடுதல் அன்றைக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து 1/2 × 1/3 என்று வரும்போது பிள்ளை அங்கேயும் குறுக்கே கோடு போடும், அப்போதுதான் தெரியும். இது விளக்கமல்ல, விளக்கம் புரிந்த பிறகு கைக்கு வேகம் கொடுக்கிற கருவி.

இரண்டாவது, தோசை. வட்டமாக எதைக் கண்டாலும் பின்னம் சொல்லிக்கொடுக்கத் தோன்றுவது நமக்கு வழக்கம். அரை, கால் என்றால் வட்டம் அருமையான படம். நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, முடிந்தது. மூன்றாகப் பங்கிடும்போதுதான் சிக்கல். பிள்ளையைக் கையால் வரையச் சொல்லிப் பாருங்கள்: பெரும்பாலும் இரண்டு செங்குத்துக் கோடுகளைப் போட்டு, நடுவில் பருத்த ஒரு துண்டும் இருபுறமும் மெலிந்த இரண்டு துண்டுகளுமாக வெட்டும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சம பங்கு என்று பேசுவது வீண். ஒழுங்காக வரைந்துவிட்டாலும், அரைத் தோசையும் மூன்றில் ஒரு பங்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒரு சிறு துண்டு குறைவது தெரியும். அந்தத் துண்டுக்கு என்ன பெயர் என்பது தெரியாது. 6 வெளியே வருவதே இல்லை. அரை, மூன்றில் ஒன்றைவிடப் பெரியது என்று காட்ட மட்டும் தோசை போதும்.

மூன்றாவது, கடிகாரம். அரை மணி என்றால் 30 நிமிடம். ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு 20 நிமிடம். கூட்டினால் 50 நிமிடம், அதாவது பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்த ஆறு பங்கில் ஐந்து. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கீழ் எண்களை ஏன் கூட்டக்கூடாது என்ற கேள்விக்கு இதில் நல்ல பதில் இருக்கிறது: 30 நிமிடமும் 20 நிமிடமும் சேர்ந்தால் 50 நிமிடம்தான், நிமிடம் என்பது பங்கின் பெயர், பெயரைக் கூட்டுவதில்லை. 2/5 மணி என்பது 24 நிமிடம் என்று போட்டுப் பார்த்தால், அரை மணியைவிடக் குறைந்துவிட்டதே என்று தவறும் அம்பலமாகும்.

கடிகாரத்தின் குறை வேறு. 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களுக்குத்தான் அது ஒத்துழைக்கும். 4, 5, 6, 12 எல்லாம் சரி. எட்டில் ஒன்று என்றதும் ஏழரை நிமிடம் வந்து நிற்கும். ஏழில் ஒன்று என்றால் மீதி விழும். அதோடு இங்கே 60 முன்கூட்டியே கையில் இருக்கிறது. வேறு இரண்டு பின்னங்களுக்கு ஏற்ற பொது எண்ணைத் தானே எப்படி உண்டாக்குவது என்பதைக் கடிகாரம் கற்றுத்தராது.

நான்காவது, கட்டம். கணக்கு நோட்டிலேயே கட்டங்கள் இருக்கின்றன. இரண்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டம் வருகிற மாதிரி ஒரு செவ்வகம் போட வேண்டும். அரை என்பது இரண்டு வரிசையில் ஒரு வரிசை; அதில் மூன்று கட்டங்கள். மூன்றில் ஒன்று என்பது மூன்று நெட்டுப் பத்தியில் ஒரு பத்தி. அதில் இரண்டு கட்டங்கள். மொத்தம் ஆறு கட்டம் என்பதைப் பிள்ளை எண்ணியே பார்த்துவிடும். இரண்டாகவும் பிரிய வேண்டும், மூன்றாகவும் பிரிய வேண்டும், அதனால்தான் ஆறு. முதல் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் சொல்வது இந்த நான்கில் இது ஒன்றுதான்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது; நானே விழுந்தேன். ஒரே செவ்வகத்தில் மேல் வரிசையையும் முதல் பத்தியையும் வண்ணமடிக்கச் சொன்னேன். அவள் எண்ணிப் பார்த்து 4/6 என்றாள். அவள் எண்ணியதில் தவறில்லை. வரிசையும் பத்தியும் சந்திக்கிற மூலைக்கட்டம் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. அதற்கு இரண்டு முறை வண்ணமடித்தாலும் ஒரு கட்டம்தான். பிள்ளை 4/6 என்று சொன்னால் புரியவில்லை என்று எண்ண வேண்டாம், படம் தவறு. அதே அளவில் இரண்டு செவ்வகம் வரைந்து, ஒன்றில் வரிசையையும் மற்றதில் பத்தியையும் வண்ணமடிக்க வேண்டும். பிறகு இரண்டாவதில் உள்ள இரண்டு கட்டங்களை முதலாவதில் காலியாக உள்ள இடத்துக்கு மாற்றினால் ஐந்து கட்டம் நிறையும், ஒன்று மிஞ்சும்.

இன்னொரு சிறு குறை: 1/4 + 1/6 போன்ற கணக்கில் செவ்வகம் 24 கட்டமாகி 10/24 என்று விடை தரும். மீ.சி.ம. போட்டிருந்தால் 12-லேயே முடிந்து 5/12 வந்திருக்கும். விடை சரிதான், சுருக்க வேண்டும், அவ்வளவுதான். மீ.சி.ம. எதற்கு என்று பிள்ளைக்குச் சொல்ல அதுவே நல்ல சமயம். சிறிய படம் போதுமென்றால் பெரிய படம் எதற்கு?

படத்தைச் சொல்லாக்கும்போது நம் மொழி பெரிய உதவி செய்கிறது. பின்னத்தை "ஒன்று பை மூன்று" என்று படித்தால் இரண்டு எண்கள்தான் காதில் விழும், கை தானாக இரண்டையும் கூட்டப் போகும். "மூன்றில் ஒன்று" என்று படித்தால், எத்தனை பங்காகப் பிரித்தது என்பது முதலில் வந்துவிடுகிறது. "ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்தால்?" என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், "பன்னிரண்டில் ஐந்து" என்று சொல்வது அரிது. இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. (அரை, கால், அரைக்கால், மாகாணி என்று முந்திரி வரை பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த பழைய தமிழ்க் கணக்கின் வழக்கமான வரிசையில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இல்லை. அரை சட்டென்று பிடிபட்டு, மூன்றில் ஒன்று நழுவுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நினைத்துக்கொள்வேன்.)

ஆக, என் தேர்வு கட்டம். விடையைச் சரிபார்க்கக் கடிகாரம். இரண்டும் பழகிய பிறகு விதி. தோசையைச் சாப்பிடலாம். பயிற்சித்தாளின் அந்த ஒரு வரியை அவளுக்காக இப்படி மாற்றி எழுதினேன்:

"அரையும் மூன்றில் ஒன்றும் வேறு வேறு அளவுத் துண்டுகள், அதனால் அப்படியே எண்ண முடியாது. இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும்படி ஆறு கட்டம் போடு. அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம். இப்போது எல்லாம் ஒரே அளவுக் கட்டம், எண்ணலாம்: ஐந்து. ஆறில் ஐந்து."

ஐந்தே வாக்கியம். பகுதி, தொகுதி, வேற்றினப் பின்னம் என்ற சொற்கள் இதில் இல்லை. வகுப்பில் அவை வரும்போது ஒட்டிக்கொள்ளப் படம் ஏற்கெனவே மனத்தில் இருக்கும்.

புரிந்ததா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் புரிந்தது என்றுதான் சொல்லும். அதனால் கேட்கவில்லை. தாளை மூடிவிட்டு 1/3 + 1/5 கொடுத்தேன். மூன்று வரிசை, ஐந்து பத்தி, பதினைந்து கட்டம். ஐந்தும் மூன்றும் எட்டு. "பதினைந்தில் எட்டு" என்றாள். அடுத்து 3/4 + 2/3. பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பதும் எட்டும் பதினேழு. செவ்வகத்தில் இடமில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இன்னொரு செவ்வகம் வரைந்து மீதி ஐந்து கட்டத்துக்கு அதில் வண்ணமடித்தாள்.