ஆண்ட்ராய்டு 14-க்குப் பிறகு ஒரு ரீசெட்: எதைச் சரிசெய்தது, எதைத் தொடவே இல்லை

நான் வைத்திருப்பது 2022-இல் வாங்கிய நடுத்தர விலைக் கைப்பேசி. ஆண்ட்ராய்டு 13 வரை அதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இருந்ததில்லை. 2024 தொடக்கத்தில் 14 வந்து ஏறியதும் மூன்று தொல்லைகள் சேர்ந்து முளைத்தன. இரவில் தொடாமல் வைத்தாலும் விடிவதற்குள் பேட்டரியில் கால்பங்கு காணாமல்போனது. முன்பு ஐந்தாறு சதவீதம்தான் குறையும். காரின் புளூடூத் இணைவதும் அறுவதுமாக இருந்தது. வெளியில் 5ஜி-யில் வரைபடம் பார்த்துக்கொண்டே போனால் பின்புறம் சுட்டது.

சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர் கைப்பேசியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பார்த்தீர்களா சார்?" என்றார். எந்த நோய்க்கும் அங்கே முதல் மருந்து அதுதான். கடைசியில் நானும் ரீசெட் செய்தேன், பலனும் கிடைத்தது. ஆனால் மூன்றில் ஒரு தொல்லைக்கு மட்டும்.

ரீசெட் எதைச் சரிசெய்யும் என்று தெரிய, அப்டேட் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியின் சேமிப்பகத்தில் இயங்குதளம் ஒரு பகுதியில் இருக்கிறது. நம் செயலிகள், அவற்றின் தரவுகள், படங்கள், அமைப்புகள் எல்லாம் வேறொரு பகுதியில் இருக்கின்றன. பெரிய அப்டேட் முதல் பகுதியை மாற்றுகிறது, இரண்டாவதை அப்படியே விட்டுவைக்கிறது. குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல் வீட்டுக்குக் கூரை மாற்றுவதைப் போன்ற வேலை இது. பழைய பதிப்பு எழுதிவைத்த அமைப்புகளையும் தரவுத்தளங்களையும் புதிய பதிப்பு தனக்கேற்ப மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தில் எங்காவது இடறினால் கோளாறு நம் பகுதியில் தங்கிவிடும்.

ரீசெட் அழிப்பது அந்த இரண்டாவது பகுதியை மட்டும். பழைய ஆண்ட்ராய்டு 13 திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள், வராது. அதே 14, காலி நிலையில் எழுந்து நிற்கும். ஆகவே பிழை 14-க்குள்ளேயே இருந்தால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அதே பிழைதான் கிடைக்கும். பேட்டரி தேய்ந்திருந்தாலோ, திரையில் பச்சைக் கோடு விழுந்திருந்தாலோ அது பொருளின் பழுது; அதற்கும் ரீசெட்டுக்கும் தொடர்பே இல்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபரில் பிக்ஸல் கைப்பேசிகளில் நடந்தது நல்ல சான்று. ஆண்ட்ராய்டு 14 ஏறிய பிக்ஸல் 6 முதலான சில கைப்பேசிகளில், ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் படங்களும் கோப்புகளும் எட்டாமல் போயின. சிலருடையது மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆனது. நவம்பரில் கூகுள் வெளியிட்ட திருத்தம், கோப்புகளை எட்ட முடியாமல் இருந்தவர்களுக்கு அவற்றைத் திறந்துவிட்டது. அதற்குள் பொறுமையிழந்து ரீசெட் செய்தவர்களுக்குத் திறந்துவிட எதுவும் மிஞ்சவில்லை.

என் கைப்பேசிக்கு வருகிறேன். முதல் சில நாள் நான் எதுவும் செய்யவில்லை. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்புக்கேற்ப மறுபடி தயார்படுத்தும் வேலை பின்னணியில் நடக்கும். கேலரியும் படங்களை மறுபடி அட்டவணைப்படுத்தும். சார்ஜரில் செருகி, தொடாமல் விட்டால்தான் இதில் பெரும்பகுதி முடியும். எனவே இரண்டு மூன்று இரவு சார்ஜரிலேயே விட்டேன். பிளே ஸ்டோரில் காத்திருந்த எல்லா அப்டேட்டுகளையும் ஏற்றினேன். முதல் வாரத்துப் பேட்டரிக் கணக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்தும் தேய்மானம் குறையாதபோதுதான் விசாரணையைத் தொடங்கினேன்.

புளூடூத் தொல்லை எளிதில் தீர்ந்தது. அமைப்புகளில் ரீசெட் என்று தேடினால் ஃபேக்டரி ரீசெட்டுக்கு மேலேயே நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் வழி இருக்கும். சில கைப்பேசிகளில் வைஃபையும் புளூடூத்தும் தனி வரியாக இருக்கும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் இணைத்துவைத்த புளூடூத் கருவிகளும் போகும். படம், செயலி எதுவும் போகாது. காரை மறுபடி இணைத்தேன், அதற்குப் பிறகு அறுந்ததில்லை.

பேட்டரிதான் சிக்கல். முதல் சந்தேகம் நாம் நிறுவிய செயலிகள் மீது விழ வேண்டும். அதைச் சோதிக்க சேஃப் மோட் இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தினால் வரும் திரையில் அணைக்கும் குறியை விடாமல் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் `Safe mode` கேள்வி வரும். ஒப்புக்கொண்டால், கைப்பேசியோடு வந்த செயலிகள் மட்டும் இயங்கும் நிலையில் எழும். முகப்பில் வைத்த விட்ஜெட்டுகள் கலைந்துபோகலாம், முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. அந்த நிலையில் ஓர் இரவு வைத்துக் காலையில் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். தேய்மானம் நின்றிருந்தால் குற்றவாளி நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு செயலி, ரீசெட் தேவையே இல்லை. அண்மையில் நிறுவியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் போதும்.

என் கைப்பேசி சேஃப் மோடிலும் அதே அளவு தேய்ந்தது. பேட்டரிப் பட்டியலில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் என்ற வரிதான் முதலில் நின்றது.

இதே அறிகுறி தங்கையின் கைப்பேசியிலும் இருந்தது. "எல்லாவற்றையும் அழித்துவிடு அண்ணா, எனக்குப் பொறுமை இல்லை" என்றாள். அதில் மெமரி கார்டு இருப்பதைப் பார்த்து, அதை மட்டும் கழற்றிவிட்டு ஓர் இரவு விடச் சொன்னேன். தேய்மானம் நின்றது. கார்டில் பழுதான சில வீடியோக் கோப்புகள் இருந்தன. கைப்பேசி அவற்றை வாசிக்க முயன்று, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. ரீசெட் செய்திருந்தால் அவளுடைய எல்லாம் போயிருக்கும், அந்தப் பழுதான கோப்புகள் மட்டும் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும்.

என்னுடையதில் கார்டு இல்லை. மிச்சமிருந்தது, இயங்குதளம் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் கேச் பகுதியைத் துடைப்பது. கைப்பேசியை அணைத்து, பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் என் மாடலில் ரிகவரி திரை வரும். பொத்தான் சேர்க்கை மாடலுக்கு மாடல் மாறும். அங்கே `Wipe cache partition` நம் தரவைத் தொடாது. ஆனால் அதற்கு அருகிலேயே `Wipe data/factory reset` இருப்பதால் விரல் வழுக்கக் கூடாது. பிக்ஸல் போன்ற பல புதிய கைப்பேசிகளில் இந்தக் கேச் பகுதியே கிடையாது, தேடிக் களைக்க வேண்டாம். எனக்கு இது பயன் தரவில்லை. அடுத்து வந்த மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டும் தேய்மானத்தைக் குறைக்கவில்லை. இதே மாடலை வைத்திருந்த அலுவலக நண்பரின் கைப்பேசி, இதே பதிப்பில், இரவில் ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை.

இந்த ஒப்பீடுதான் எனக்கு முடிவைத் தந்தது. அதே மாடல், அதே பதிப்பு, அவருக்குக் கோளாறு இல்லை; நான் நிறுவிய செயலிகளை நிறுத்தினாலும் எனக்கு இருக்கிறது. அப்படியானால் 13-இலிருந்து தொடர்ந்து வந்த என் பகுதியில்தான் ஏதோ கெட்டிருக்க வேண்டும். ரீசெட்டுக்கு நியாயம் அந்த நிலையில்தான் வருகிறது. நண்பருக்கும் தேய்ந்திருந்தால் அடுத்த அப்டேட்டுக்காகக் காத்திருந்திருப்பேன்.

அழிவது என்ன என்பதில் படங்களைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். கூகுள் பேக்கப், செயலித் தரவில் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும், அதுவும் அந்தச் செயலி அனுமதித்தால். குரல் பதிவுகள், அழைப்புப் பதிவுகள், டவுன்லோடு கோப்புகளை நானே கணினிக்கு நகலெடுத்தேன். வாட்ஸ்அப்பின் அன்றாட பேக்கப் கைப்பேசிக்குள்ளேயே இருப்பதால் அதுவும் ரீசெட்டில் போகும். கூகுள் கணக்குக்கு ஒரு பேக்கப் ஏற்றியதோடு, கீழே உள்ள கோப்புறையையும் நகலெடுத்துக்கொண்டேன்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

பேக்கப்புக்குக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் அது நினைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் திறக்காது.

பண விஷயத்தில் யூபிஐ லைட்டை முதலில் மூடி, அதிலிருந்த தொகையை வங்கிக் கணக்குக்கே திருப்பினேன். அந்த இருப்பு கைப்பேசியோடு பிணைந்தது. ரீசெட்டுக்குப் பிறகு யூபிஐ செயலிகள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு கேட்கும். பல வங்கிகள் முதல் 24 மணி நேரத்துக்குச் சிறு தொகை மட்டுமே அனுமதிக்கும், எனவே வாடகை கட்டும் நாளில் ரீசெட் வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆதென்டிகேட்டர் செயலி வைத்திருப்பவர்கள் அதன் கணக்குகளை வேறொரு கைப்பேசிக்கு மாற்றியாக வேண்டும், அல்லது அவை கூகுள் கணக்கோடு ஒத்திசைந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இ-சிம் இருந்தால் அதையும் அழிக்கவா என்று ரீசெட் திரை கேட்கும். அந்தக் கட்டத்தில் டிக் போடக் கூடாது. கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் ரிகவரி வழியாக ரீசெட் செய்தால், திருட்டுப் பாதுகாப்புப் பூட்டு நம்மையே வெளியே நிறுத்திவிடும்.

பொத்தானை அழுத்தியதும் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. தரவு குறியாக்கத்தில் இருப்பதால் சாவி அழிந்ததும் எல்லாம் அழிந்ததாகப் பொருள். மீட்புக் கடைகளால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பேக்கப்பை அப்படியே திருப்பாமல், புதுக் கைப்பேசி போல அமைத்தேன். முதல் இரவு எந்தச் செயலியும் இல்லாமல் வைத்தபோது ஐந்து சதவீதம் குறைந்திருந்தது. பிறகுதான் வாட்ஸ்அப்பை மீட்டேன். மற்ற செயலிகளை நாளுக்குச் சில என்று ஏற்றி, ஒவ்வொரு காலையும் சதவீதத்தைப் பார்த்தேன். அதிக நேரம் தின்றது வங்கிச் செயலிகளின் மறுபதிவுதான்.

இரவுத் தேய்மானம் அதற்குப் பிறகு திரும்பவில்லை. 5ஜி சூடு மட்டும் ரீசெட்டுக்கு முன்பு எப்படியோ பின்பும் அப்படியே இருந்தது. நண்பரின் கைப்பேசியும் வெளியில் அதேபோல் சுட்டது, ஆகவே அதை நான் எதிர்பார்த்திருந்தேன். வெயிலில் போகும்போது 4ஜி-க்கு மாற்றிவைத்துச் சமாளித்தேன். பின்னால் வந்த ஓர் அப்டேட்டில் அது பெருமளவு தணிந்தது. ஆண்ட்ராய்டு 15 வந்தபோது காரின் புளூடூத் மறுபடி முரண்டு பிடித்தது. நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.