லேட் கணக்கும் விட்டுப்போன பஞ்ச் பதிவும்: ஒரு கும்பகோணம் ஜவுளிக்கடைக்கு எந்த விதி சரி?

கும்பகோணத்தில் ஐம்பது, அறுபது பேர் வேலை பார்க்கிற ஜவுளிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதிப்பேர் உள்ளூர். மீதிப்பேர் வலங்கைமான், பாபநாசம், நாச்சியார்கோவில் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஷிப்ட் காலை 9:30 முதல் மாலை 6:30 வரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் எட்டு மணி நேர வேலை. வாசலில் விரல்ரேகை மெஷின். மாதக் கடைசியில் அதிலிருந்து எடுக்கும் பட்டியலை வைத்துத்தான் சம்பளம். சண்டை வருவதும் அந்தப் பட்டியலில்தான். இந்த மாதிரிக் கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவன் என்ற முறையில், நடைமுறையில் இருக்கும் விதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னதையே, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பின் 20ஆம் பிரிவும் சொல்கிறது. வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம். ஆனால் மொத்த வேலை நேரத்தில் எந்த அளவுக்கு வரவில்லையோ, சம்பளத்திலும் அந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. பதினைந்து நிமிடம் தாமதம் என்றால் பதினைந்து நிமிடக் கூலிதான் உச்சம். கிரேஸ், அதாவது எத்தனை நிமிடத் தாமதத்தை மன்னித்து விடுவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை, அது கடையின் விருப்பம்.

இப்போது ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 15,600 ரூபாய், 26 வேலை நாள். ஒரு நாளுக்கு 600, ஒரு மணிக்கு 75, ஒரு நிமிடத்துக்கு 1 ரூபாய் 25 காசு. சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண் அந்த மாதத்தில் ஐந்து நாள் தாமதம்: 8, 13, 17, 11, 22 நிமிடங்கள். மொத்தம் 71 நிமிடம். சட்டப்படி பிடிக்கக்கூடிய உச்சத் தொகை 88 ரூபாய் 75 காசு.

பெரும்பாலான கடைகளில் இருப்பது 'பத்து நிமிடம் கிரேஸ், மூன்று லேட்டுக்கு அரை நாள்' என்கிற விதி. சொல்வதற்கு எளிது, மனக்கணக்காகவே போடலாம், அதனால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. இதன்படி 8 நிமிடம் மன்னிக்கப்படும், மீதி நான்கும் லேட். முதல் மூன்றுக்கு அரை நாள் போய்விட்டது, அதாவது 300 ரூபாய். அந்த மூன்று நாளிலும் அவர் வராமல் இருந்த நேரம் 41 நிமிடம், அதன் மதிப்பு 51 ரூபாய் 25 காசு. ஏறக்குறைய ஆறு மடங்கு பிடித்திருக்கிறார்கள். தொழிலாளர் ஆய்வாளர் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது.

சட்டத்தை விடுங்கள், கடைக்கும் இது நஷ்டம். மூன்றாவது லேட் விழுந்துவிட்டது என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டால், எப்படியும் அரை நாள் போச்சு, மதியம் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பதினொரு நிமிடத்தைக் காப்பாற்றப் போட்ட விதி நான்கு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

சம்பளத்தில் பிடிக்காமல் தற்செயல் விடுப்பில் அரை நாள் கழிக்கிறோம் என்று சில முதலாளிகள் சொல்வார்கள். மத்திய அரசு அலுவலகங்களிலும் லேட்டுக்கு அரை நாள் விடுப்புக் கழிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அங்கே நியாயமான காரணம் இருந்தால், மாதத்தில் இரண்டு முறை வரை ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தாமதத்தை மன்னிக்கவும் இடம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். லேட்டுக்கே அதைத் தின்றுவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் எடுக்க விடுப்பு இருக்காது. விடுப்புத் தீர்ந்தபின் அரை நாள் கழிப்பு நேராகச் சம்பளத்தில்தான் விழும், பழைய சிக்கலே திரும்ப வரும்.

'லேட்டுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்' என்று எழுதி ஒட்டுவதைப் பற்றி ஒரு வரி போதும். அபராதம் போட, எந்தெந்தத் தவறுக்கு என்ற பட்டியலுக்கு முன்னதாக ஒப்புதல் வேண்டும், ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும், மாதச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வசூலித்த பணம் ஊழியர் நலனுக்கே போக வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் கல்லாவில் போட்டுக்கொள்வது அபராதம் ஆகாது.

அடுத்தது நிமிடக் கணக்கு. பத்து நிமிடம் கிரேஸ். அதைத் தாண்டினால் 9:30-லிருந்தே எண்ணுவது. நம் கணக்கில் 13, 17, 11, 22 சேர்ந்து 63 நிமிடம், 78 ரூபாய் 75 காசு. உச்சத்துக்குள் இருக்கிறது, சட்டப்படி சுத்தம். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, சில மென்பொருள்கள் கால் மணிக்கு ரவுண்ட் பண்ணும். 13 என்பது 15 ஆகும், 17 என்பது 30 ஆகும், 11 என்பது 15, 22 என்பது 30. மொத்தம் 90 நிமிடம், 112 ரூபாய் 50 காசு. யாரும் வேண்டுமென்று செய்யாமலே உச்சம் தாண்டிவிட்டது. ரவுண்ட் பண்ணுவதானால் கீழ்நோக்கித்தான், இல்லையென்றால் அந்த அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும். இன்னொன்று, தினமும் பத்து நிமிடம் கிரேஸ் என்று அறிவித்தால் கொஞ்ச நாளில் ஷிப்ட் 9:40-க்கு நகர்ந்துவிடும். 9:39-க்கு மெஷின் முன்னால் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மூன்றாவது, நான் சிபாரிசு செய்வது, மாதத் தொகுப்பு. தினசரி கிரேஸ் கிடையாது. அதற்குப் பதில் ஆளுக்கு மாதம் 60 நிமிடம், ஒரு நாளில் 20 நிமிடத்துக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. 22 நிமிடம் தாமதித்த நாளில் 20 மட்டும் தொகுப்பில் போகும். ஐந்து நாளுக்கும் சேர்த்து 69 நிமிடம் தொகுப்பில் எழுதப்படும், அதில் 60 கழியும். மீதி 9, தனியாக நின்ற 2, ஆக 11 நிமிடம். பிடித்தம் 13 ரூபாய் 75 காசு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், அவர்களுடைய தாமதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. ஒரு பஸ் விட்டுப்போனால், ரயில்வே கேட் மூடிக் கிடந்தால், முகூர்த்த நாளில் பஸ் நிரம்பி நிற்காமல் போனால் ஒரேயடியாகப் பதினைந்து இருபது நிமிடம் போகும். தினசரிப் பத்து நிமிடம் அவர்களுக்கு உதவாது, பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குத்தான் உதவும். 2028 மகாமகம் போன்ற நாட்களில் ஊருக்குள் பஸ்ஸே வராது. அந்த நாட்களைத் தொகுப்பில் சேர்க்காமல் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

தொகுப்பு எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. நவீன அரிசி ஆலையில் பாய்லர் பார்ப்பவர் அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை இடத்தை விட்டு நகர முடியாது. அங்கே வருகிறவருக்குத் தரும் இருபது நிமிடச் சலுகை, காத்திருப்பவரின் பாக்கெட்டிலிருந்து போகிறது. அந்த இடத்தில் நிமிடக் கணக்கே சரி. காத்திருந்தவருக்கு அந்த நிமிடங்களுக்குக் கூலியும் உண்டு.

அப்புறம் பஞ்ச், அதாவது வரும்போதும் போகும்போதும் மெஷினில் விரல் வைக்கும் பதிவு, விட்டுப்போவது. இதில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில். சட்டம் பிடிக்க விடுவது வேலையிடத்தில் இல்லாத நேரத்துக்கு. மெஷினில் பதிவு இல்லாததை அது பேசவே இல்லை. வந்து வேலை பார்த்திருந்தால் பஞ்ச் இல்லாவிட்டாலும் கூலி உண்டு. 'ஒற்றைப் பஞ்ச் என்றால் ஆப்சென்ட்' என்ற அமைப்பை மென்பொருளில் வைத்திருக்கும் கடைகள் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

அதற்கு நேர் எதிராக, வெளியேறும் பஞ்ச் இல்லையென்றால் ஷிப்ட் முடியும் நேரத்தைத் தானாக நிரப்பும் அமைப்பு இருக்கிறது. தாராளமாகத் தெரியும். ஆனால் ஆடித் தள்ளுபடி நாளில் அதே பெண் இரவு 8:30 வரை நின்றிருந்து, போகும்போது விரல் வைக்க மறந்துவிட்டால், மென்பொருள் 6:30 என்று போட்டுவிடும். இரண்டு மணி நேர ஓவர்டைம் இரட்டிப்புக் கூலியில் 300 ரூபாய். அது போனதே அவருக்குத் தெரியாது. முன்னதாகக் கிளம்பியவருக்கோ இதே அமைப்பு லாபம்.

சூப்பர்வைசர் நேரடியாக மென்பொருளில் நேரத்தை மாற்றி எழுதுவது இன்னொரு வழி. வேகமானது. ஆனால் அசல் பதிவு அழிந்துவிடும், யார் எப்போது மாற்றினார் என்று பின்னால் காட்ட முடியாது. சூப்பர்வைசருக்கு வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் என்ற பேச்சும் கிளம்பும்.

நிற்கக்கூடிய வழி, ஊழியர் கேட்டு, பிரிவு மேற்பார்வையாளர் சரிபார்த்து, அலுவலகம் தனி வரியாகச் சேர்ப்பது. மெஷினிலிருந்து வந்த வரியைத் தொடவே கூடாது. ஊழியர் எண் 114, மேற்பார்வையாளர் எண் 021 என்றால் பதிவு இப்படி இருக்கும்:

```
07-08  114  IN   09:28  DEVICE
07-08  114  OUT  20:30  MANUAL  REQ:114  APPR:021
```

சீட்டில் தேதி, எந்தப் பஞ்ச், எத்தனை மணி, ஏன் விட்டுப்போனது, யார் பார்த்தார்கள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். சாட்சிக்கு மெஷின்தான் வேண்டும் என்றில்லை. பில்லிங் கவுண்டரில் அவர் பெயரில் விழுந்த கடைசி பில்லின் நேரம், கேமரா, கிடங்குச் சாவி நோட்டு, பக்கத்தில் நின்றவர் என எதுவும் ஆகும். இரண்டு வேலை நாளுக்குள் சீட்டு கொடுக்க வேண்டும் என்று வைப்பது நல்லது, அதற்குமேல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் தாமதமாக வந்த சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் போக வேண்டியிருப்பதால் கணக்கைப் பூட்டித்தான் ஆக வேண்டும். பூட்டியபின் சரியென்று தெரிந்தது அடுத்த சம்பளத்தில் நிலுவையாகச் சேர வேண்டும்.

ஒரே ஆளுக்கு மாதத்தில் நாலைந்து சீட்டு வந்தால் திட்டுவதற்கு முன் அவர் விரலைப் பாருங்கள். நடவுக்குப் போய் வந்தவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கு ரேகை தேய்ந்தோ வெடித்தோ இருக்கும். மெஷின் ஏற்காத விரலுக்குப் பதிவே விழாது, அவர் வைத்துவிட்டோம் என்று நினைத்துப் போயிருப்பார். இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைப் புதிதாகப் பதிந்து பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் கார்டு அல்லது முகப்பதிவு. கார்டில் ஒருவருக்காக இன்னொருவர் வைக்கும் ஆபத்து உண்டு, ஆகவே அவர் பெயரை மட்டும் கேமராவோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

தவறு ஆளுடையதா மெஷினுடையதா என்பதைப் பட்டியலே சொல்லிவிடும். ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் விரல் அல்லது மறதி. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லோருக்கும் இல்லையென்றால் கரண்ட் அல்லது நெட்வொர்க். நெட்வொர்க் மட்டும் போயிருந்தால் பதிவு மெஷினுக்குள்ளேயே இருக்கும், திரும்ப டவுன்லோடு செய்தால் வந்துவிடும், சீட்டு எழுதவே தேவையில்லை. எல்லோரும் ஒரே அளவு, உதாரணத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், லேட்டாகத் தெரிந்தால் மெஷின் கடிகாரம் முன்னே ஓடுகிறது. அன்றைய பட்டியல் முழுவதிலும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கழித்து ஒரே திருத்தமாகப் பதிந்துவிட்டு, எப்போதிலிருந்து அந்த வித்தியாசம் தொடங்கியது என்று முந்தைய நாட்களின் முதல் பில் நேரத்தோடு ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போக வேண்டும்.