பெயர்ப்பட்டை இல்லாத மூன்று புரொஜெக்டர்கள்: சிறு வகுப்பறைக்கு எது சரி?

மேசையில் மூன்று பழைய புரொஜெக்டர்கள்: 'அ', 'ஆ', 'இ'. அடியில் ஒட்டியிருந்த பட்டை மூன்றிலும் உரிந்துவிட்டது. மாடல் எண்ணும் இல்லை, வாட்டும் இல்லை. வகுப்பறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். சுவரில் 2 மீட்டர் அகலப் படம் வேண்டும். 16:10 விகிதத்தில் அதன் உயரம் 1.25 மீட்டர். கடைசி பெஞ்ச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. படத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்குதான் அந்தத் தூரம் என்பதால் எழுத்துகள் அங்கிருந்தும் தெளிவாகத் தெரியும். மூன்றில் எதை மாட்டுவது?

முதலில் லென்ஸைப் பாருங்கள். 'அ'வின் லென்ஸ் முகப்பில் ஒரு பக்கமாக, சற்று உள்ளடங்கி இருக்கிறது. மேலே இரண்டு வளையங்கள்: ஒன்று ஃபோகஸ், மற்றொன்று படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஜூம். 'ஆ'வின் கண்ணாடி பெரியது, மீன்கண் போல வெளியே புடைத்திருக்கிறது. ஜூம் வளையம் இல்லை. பக்கத்திலிருந்தே பெரிய படம் தரும் ஷார்ட் த்ரோ வகையின் அடையாளம் அதுதான். 'இ'யில் முகப்பின் பாதியை லென்ஸே அடைத்துக்கொள்கிறது. ஒரே ஃபோகஸ் வளையம். பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பினால் லென்ஸே மேலும் கீழும் சாய்கிறது. பெட்டியைத் தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் எடை குறைவு. இது மலிவான எல்.இ.டி. வகை.

அடுத்து காற்றுத் துளைகள். 'அ'வின் பக்கவாட்டில் துளைகளுள்ள ஒரு மூடி கழன்று வருகிறது, அதற்குள் தூசி வடிகட்டி. அடியில் திருகு போட்ட இன்னொரு மூடி. அதன் உள்ளே விளக்கு. இவை இரண்டும் சேர்ந்து இருந்தால் அநேகமாக அது மூன்று எல்.சி.டி. தகடுகள் கொண்ட விளக்குப் புரொஜெக்டர். 'ஆ'வின் இரு பக்கமும் துளைகள் உண்டு, வடிகட்டி இல்லை. அது டி.எல்.பி. வகையாக இருக்கலாம். ஒளியைத் திருப்பிப் படம் உருவாக்கும் நுண்ணிய கண்ணாடிகள் நிறைந்த மின்னணுச் சில்லு அந்த வகையில் உண்டு. அது இருக்கும் பகுதியை மூடியே வைத்திருப்பதால் பல மாடல்களில் வடிகட்டி வைப்பதில்லை. 'இ'யில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் துளை, வழியே விசிறி கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் வடிகட்டியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. வடிகட்டி உள்ள டி.எல்.பி.யும் உண்டு. வெள்ளைப் படம் போட்டு, ஒளியின் குறுக்கே ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். நிழலின் ஓரங்கள் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரிந்து தெரிந்தால் உள்ளே நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் ஒற்றைச் சில்லு டி.எல்.பி. இருக்கிறது. சாதாரண நிழலாகவே இருந்தால் எல்.சி.டி. அதிலும் மெல்லிய வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தால் மூன்று தகடுகள் இம்மியளவு விலகியிருக்கின்றன என்று பொருள். ஒற்றைத் தகட்டில் அப்படி விலக வழியே இல்லை.

போர்ட்டுகள் வயதையும் வேலையையும் சொல்லும். 'அ'வில் நீல வி.ஜி.ஏ. இரண்டு, ஒரு எச்.டி.எம்.ஐ., ஒன்பது ஊசி சீரியல் போர்ட், நெட்வொர்க் போர்ட். சீரியலும் நெட்வொர்க்கும் இருந்தால் நிறுவனங்களில் நிரந்தரமாக மாட்டுவதற்கென்றே செய்தது. 'ஆ'வும் ஏறக்குறைய அதே அமைப்பு. 'இ'யில் எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி., மெமரி கார்டு, இயர்போன் துளை மட்டுமே. படம் பார்க்கச் செய்ததே ஒழிய பாடம் நடத்த அல்ல. இதில் ஓர் எச்சரிக்கை: வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பெட்டியில் எச்.டி.எம்.ஐ. லேப்டாப்பைச் செருக வெறும் கேபிள் போதாது. டிஜிட்டல் சிக்னலை அனலாகாக மாற்றும் சிறு மின்சுற்று உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அது இல்லாத கேபிளில் படம் வராது.

உடலைப் பார்த்துச் சொல்ல முடியாதது வெளிச்சம். அதை அளந்துதான் ஆகவேண்டும். அறையை இருட்டாக்கி முழு வெள்ளைப் படத்தை 2 மீட்டர் அகலத்தில் போடுங்கள். படத்தை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸ் மீட்டரை லென்ஸ் பக்கம் திருப்பி அளந்து சராசரி எடுங்கள். அதைப் பரப்பளவால் பெருக்கினால் லூமென்.

ஓர் எடுத்துக்காட்டு: 'அ'வின் சராசரி 560 லக்ஸ் என்றால், பரப்பு 2.5 சதுர மீட்டர், ஆக 1400 லூமென். புதிதில் 3000 இருந்திருக்கலாம். விளக்கின் ஆயுள் என்று சொல்வதே பொதுவாக வெளிச்சம் பாதியாகும் வரையான மணிக்கணக்குதான். 'ஆ' 640 லக்ஸ். 'இ' 16:9 படம், 70 லக்ஸ், அதாவது சுமார் 160 லூமென். பெட்டியில் பல ஆயிரம் என்று அச்சிட்டிருந்தாலும் இந்த வகை உண்மையில் தருவது இவ்வளவே.

இனி அறை வெளிச்சத்தோடு ஒப்பிடலாம். கறுப்பு எழுத்து எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது திரையில் விழும் அறை வெளிச்சம். படத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வெள்ளைக்கும் கறுப்புக்கும் 15:1 விகிதம் வேண்டும் என்று இன்ஃபோகாம் அமைப்பின் 2011 தரநிலை சொல்கிறது. வெள்ளையில் அறை வெளிச்சமும் சேர்ந்துகொள்வதால் புரொஜெக்டரின் லக்ஸை 14ஆல் வகுத்தால், திரையில் அதிகபட்சம் எவ்வளவு அறை வெளிச்சம் விழலாம் என்பது கிடைக்கும். 'அ'வுக்கு 40 லக்ஸ், 'ஆ'வுக்கு ஏறத்தாழ 46, 'இ'க்கு வெறும் 5. திரைக்கு மேலுள்ள விளக்கை அணைத்து, பக்கத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டால் 40 லக்ஸுக்கு இறங்கலாம். பின்னால் விளக்கு எரியும், பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். 5 லக்ஸ் என்றால் அறையே இருட்டு. பாடப் புத்தகம் தெரியாத வகுப்பில் 'இ'க்கு என்ன வேலை?

ஆகப் போட்டி 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும். முடிவைச் சொல்வது சுவர்.

'அ'வின் த்ரோ விகிதம் 1.5. அதாவது 2 மீட்டர் அகலத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்கவேண்டும், சரியாக அறையின் நடுவில். மேசையில் வைத்தால் ஆசிரியரின் தலை நிழல் படத்தில் விழும், கேபிள் காலில் தட்டும். ஆகவே கூரையில் தலைகீழாக மாட்டவேண்டும். 'ஆ'வின் விகிதம் 0.5, 1 மீட்டரே போதும். சுவரிலிருந்து நீளும் கையில் மாட்டினால் எழுதும் கையின் நிழலும் குறையும். ஆனால் ஒளி அவ்வளவு சாய்வாகப் பாய்வதால் துணித்திரையின் சிறு அலைகூடக் கோடுகளை வளைத்துக் காட்டும். தட்டையான, பளபளப்பில்லாத பரப்பு இருந்தால் 'ஆ'. சுருட்டும் துணித்திரைதான் என்றால் 'அ'.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள்: சாக்பீஸ். 'அ'வின் வடிகட்டி அடைத்தால் உள்ளே சூடேறி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகடுகள் கருகும். படத்தில் மஞ்சள் அல்லது நீலத் திட்டுகள் படரும். அந்தத் திட்டு வெள்ளைப் படத்தில் ஏற்கெனவே தெரிந்தால் விளக்கை மாற்றினாலும் போகாது. 'ஆ'வில் பார்க்கவேண்டியது கறுப்புப் படத்தை. அதில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் சில்லின் கண்ணாடிகள் சிக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. நாளடைவில் புள்ளிகள் பெருகும். இரண்டில் எதில் குறை தெரிகிறதோ, சுவர் அதற்குச் சாதகமாக இருந்தாலும் மற்றதையே மாட்டுங்கள்.