மாஸ் எஃபெக்ட் லிஃப்ட்: டிவிடி காலத்திலிருந்து எஸ்எஸ்டி வரை

2007-ல் வந்த மாஸ் எஃபெக்ட் வீடியோ கேமை ஆடியவர்களிடம், அதில் வரும் விண்வெளி நிலையமான சிட்டடெலின் லிஃப்ட் என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். விண்வெளியில் ஒளியைவிட வேகமாகப் பறக்கிறார்கள், நாலு மாடி இறங்க இவ்வளவு நேரமா என்று கேலி செய்யாத ஆளே இல்லை. அந்த ஆட்டத்தை முதலில் எக்ஸ்பாக்ஸ் 360-ல் டிஸ்க் போட்டு ஆடினேன், பிறகு அதையே மெருகேற்றி 2021-ல் வெளியிட்ட லெஜண்டரி எடிஷனை எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறேன். அதே லிஃப்டில் இவ்வளவு காலம் ஏறி இறங்கியதில் புரிந்ததை எழுதுகிறேன்.

அது லிஃப்டே இல்லை, லோடிங் திரைதான். கணக்குப் போட்டால் தெரியும். 360-க்கு மொத்த ராம் 512 எம்பி, அதிலேயே கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ளும். டிவிடி டிரைவ் நன்றாக ஓடினாலே நொடிக்கு 16 எம்பிக்கு மேல் தராது, டிஸ்க்கின் உள்பக்கம் இருக்கும் டேட்டா இன்னும் மெதுவாக வரும், லென்ஸ் இடம் மாறித் தேடும் நேரம் தனி. சராசரி 10 எம்பி, அடுத்த பகுதிக்கு 200 எம்பி தேவை என்று வைத்துக்கொண்டால் 20 நொடி. அந்த 20 நொடியும் ஆட்டக்காரரை எங்கேயாவது நிறுத்தி வைத்தாக வேண்டும்.

அதற்கு லிஃப்டைவிட வசதியான இடம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு மூடுகிறது, இனி அந்தப் பக்கம் யாரும் பார்க்க முடியாது, எனவே பழைய பகுதியை ராமிலிருந்து தூக்கிவிடலாம். லிஃப்ட் அறை மட்டும் இருக்கிறது, அது சின்னது, சுவரும் பேனலும்தான். காலியான இடத்தில் புதிய பகுதி டிஸ்க்கிலிருந்து வந்து நிரம்புகிறது, நிரம்பினால்தான் முன்கதவு திறக்கும். மேலே இருக்கும் ஊருக்கும் கீழே இருக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் ராமில் இடம் தேவையில்லை என்பதுதான் இதில் உள்ள லாபம். விண்கப்பலுக்குத் திரும்பும்போது கிருமிநீக்கம் என்று ஓர் ஒளிக்கற்றை வருடிக்கொண்டு நம்மை நிறுத்தி வைக்கிறதே, அதுவும் இதே வேலைதான்.

காரிடாரும் அப்படித்தான், ஆனால் அங்கே ஆள் ஓடுவார். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவரை 20 நொடி பிடித்து வைக்க 100 மீட்டர் வேண்டும். அதை நேராகப் போட்டால் இரண்டு முனையும் ஒருசேரத் தெரிந்துவிடும், இரண்டு பகுதியையும் ராமில் வைத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு. நீளத்துக்கு இடமில்லை என்றால் ஆளை மெதுவாக்குவார்கள்: பாறை இடுக்கில் பக்கவாட்டில் நுழைவது, கனத்த கதவைத் தூக்குவது எல்லாம் அந்த வகை. மெட்ராய்ட் பிரைம் என்ற ஆட்டத்தில் கதவைச் சுட்ட பிறகும் சில நேரம் திறக்காமல் நிற்கும், அடுத்த அறை இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

லெஜண்டரி எடிஷனில் சிட்டடெல் லிஃப்ட் பயணத்தைக் குறைத்துவிட்டார்கள். லோடிங் முடிந்ததும் தவிர்க்கும் பட்டன் வேறு வருகிறது, அழுத்தினால் நேராக வெளியே போய்விடலாம். எனக்கு இது மிகவும் பிடித்தது, ஆனால் நான் பெரும்பாலும் அழுத்துவதில்லை. லிஃப்டில்தான் நம் கூட வரும் காரஸும் டாலியும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள், ஒலிபெருக்கியில் நீங்கள் முடித்த வேலையைப் பற்றிச் செய்தி வரும். காத்திருக்கும் நேரத்தை நிரப்ப எழுதியதுதான், ஆனால் சிட்டடெலில் ஜனங்கள் வாழ்கிறார்கள் என்ற உணர்வைப் பாதி அதுதான் தந்தது. 2010-ல் வந்த இரண்டாம் பாகத்தில் லிஃப்டை எடுத்துவிட்டு வெறும் லோடிங் திரை வைத்தார்கள், காரஸே அந்த லிஃப்ட் பேச்சுகளை நினைத்து ஏங்குவதாக ஒரு வசனமும் வைத்தார்கள். டாலி உடனே மறுத்துவிடுவாள்.

என் குறை வேறு ஆட்டங்களின் மேல்தான். பட்டன் வைத்த லிஃப்ட், லோடிங் முடிந்தால் நம்மை விட்டுவிடும். பாறை இடுக்கு விடாது, அதன் நீளத்தை அனிமேஷன் முடிவு செய்கிறது. 2022-ல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் பிஎஸ்4-க்கும் சேர்த்துச் செய்யப்பட்டது, அதனால் அதன் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்துத்தான் நடைபாதையின் நீளத்தை அளக்க முடியும். பிஎஸ்5-ன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், அந்த 200 எம்பி கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும், ஆனாலும் ஆட்டத்தின் நாயகன் க்ராடோஸ் அதே இடுக்கில் அதே வேகத்தில்தான் உடலைத் திருகிக்கொண்டு போகிறார். கேமரா எங்குமே வெட்டாத ஆட்டம் என்பதால் அங்கே தவிர்க்கும் பட்டன் வைப்பதும் கஷ்டம், புரிகிறது. இருந்தாலும் இரண்டாவது முறை ஆடும்போது அந்த இடுக்குகளில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.