பெயிண்டிங் பதினைந்தாயிரம்

சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார விடுப்பில் சென்னைக்குப் போனேன். அதில் ஒரு பகல் முழுக்க அண்ணன் மகளின் வாடகை ஒப்பந்தத்திலேயே கழிந்தது. அவளுக்கு முதல் வேலை, முதல் வாடகை வீடு. ஆவண எழுத்தர் அரை மணி நேரத்தில் முத்திரைத்தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு பக்கமும் ஆங்கிலம். தலைப்பில் ‘லீஸ்’ என்று பார்த்ததும், மொத்தமாகப் பணம் கட்டிக் குடியிருக்கும் ஒத்தி என்று எண்ணி மிரண்டுவிட்டாள். அது சாதாரணப் பதினோரு மாத வாடகைதான்.

“எல்லாருக்கும் இதே மாதிரிதான் சார்” என்றார் எழுத்தர். அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000. இரண்டாம் பக்கத்தில், ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் மிச்ச மாதங்களின் வாடகையும் தர வேண்டும் என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று ஒரு வரி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதுவாகத்தான் தெரிகின்றன.

“நான்கு மாதத்தில் உன்னை வேறு ஊருக்கு மாற்றினால் என்ன ஆகும்?” என்று கேட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டேன். மிச்ச இரண்டு மாதத்துக்கு 30,000, பெயிண்டிங்குக்கு 15,000. திரும்பி வருவது 1,05,000. அதுவும் எப்போது? “அடுத்த குடித்தனக்காரர் வந்த பின்” என்கிறது ஒப்பந்தம். அவர் வராவிட்டால்?

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் வைக்கச் சொல்கிறது. ஆனால் மாறான உடன்பாடு இருந்தால் அந்த வரம்பு நிற்காது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகத் தரக் கையெழுத்திட்டால் அதுவே அந்த உடன்பாடு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்தில் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சட்டத்தின் பழுதுபார்ப்புப் பட்டியலில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பக்கம்.

வீட்டுக்கார அம்மாவிடம் அவளையே பேசச் சொன்னேன். அட்வான்ஸில் அவர் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஆனால் வேலை மாற்றல் உத்தரவைக் காட்டினால் ஆறு மாத நிபந்தனை பொருந்தாது என்றும், பணம் ஒரு மாதத்துக்குள் திரும்பும் என்றும் எழுதச் சம்மதித்தார். பெயிண்டிங்குக்கு ரசீதில் உள்ள தொகை மட்டும். அதிகபட்சம் ஒரு மாத வாடகை.

படுக்கையறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு முழ நீளத்துக்கு ஈரக்கறை இருந்தது. அவள் அதைப் படம் எடுத்து, அச்சிட்டு, இருவர் கையெழுத்துடன் கடைசிப் பக்கத்தில் இணைத்தாள். இதை நான் சொல்லித் தரவில்லை. திருத்திய பக்கங்களை மறுபடி அச்சிட எழுத்தர் தனியாக 200 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தோம்.